காயில் இருந்த இடம்

மார்ச் 11, செவ்வாய்

இன்று ஒரு சின்னத் தப்பு செய்தேன். அக்காவின் ஃபோனுக்கு, ஒயர் இல்லாமல் சார்ஜ் ஏற்றும் வயர்லெஸ் ஸ்டிக்கர் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். ஃபோனின் முதுகில் ஒட்டிவிட்டால் எந்த ஃபோனும் சார்ஜ் பேட் என்ற தட்டையான பலகைமேல் வைத்தாலே சார்ஜ் ஏறும் என்று அட்டையில் போட்டிருந்தது. ஏறும்தான். ஆனால் அந்த ஸ்டிக்கரின் அடியில் ஒரு வால் இருக்கிறது. அந்த வாலின் முனையில் ஒரு பின் இருக்கிறது. அந்தப் பின்னைச் சொருக வேண்டிய இடம், சார்ஜிங் போர்ட். அக்கா ஃபோனில் செத்துப்போனதே அந்தப் போர்ட்தான்.

அக்கா அட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு வாலைத் தூக்கிக் காட்டினாள்.

"இதை எங்கடி சொருகுறது? என் மூக்குலயா?"

ஒன்றரை வருடமாக ஃபோன் கடையில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் நான்கு நாள் மாலை வகுப்பில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். வாலைப் பார்க்காமல் வாங்கியிருக்கிறேன். அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

இனி நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் எங்கே தவறினேன் என்று எனக்கே தெரிகிறது.

அக்கா வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் விரிப்புகள் வண்டி வண்டியாக வரும். துவைத்த விரிப்பை இரண்டு சூடான உருளைகளுக்கு நடுவே ஊட்டிவிட்டால் மறுபக்கம் மடிப்பில்லாமல் வெளியே வரும். உருளைக்கு முன்னால் கம்பித் தடுப்பு ஒன்று இருக்க வேண்டும். கை உள்ளே போகாமல் இருக்கத்தான் அது. இரண்டு வாரத்துக்கு முன்னால் அதைக் கழற்றச் சொன்னவர் சூப்பர்வைசர். தடுப்பு இருந்தால் விரிப்பு மெதுவாகத்தான் போகிறதாம். கழற்றிய நான்காம் நாள், புதிதாகச் சேர்ந்த பெண்ணின் நான்கு விரல்கள் உள்ளே போய்விட்டன. வெந்துபோன கையோடு அவள் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

அந்த உருளைக்குப் பொறுப்பு அக்கா. தடுப்பை அக்கா தன் இஷ்டத்துக்குக் கழற்றினாள் என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. தப்பு அக்காமேல் என்று முடிவானால் வேலை போகும். வேலை மட்டும் போனால் பரவாயில்லை, அந்தப் பெண்ணின் கையை வேகவைத்தவள் என்ற பெயரோடு போகும்.

அக்காவிடம் ஒரே ஒரு சாட்சி இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை சாப்பாட்டு அறையில் சூப்பர்வைசர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அக்கா ஃபோனை ஏப்ரன் பாக்கெட்டில் வைத்து நாற்பது நிமிஷம் பதிவு செய்திருக்கிறாள். அவர் வாயாலேயே எல்லாம் வந்திருக்கிறதாம். விசாரணையில் அதைப் போட்டுக் காட்டுவேன் என்று அலுவலகத்தில் சொல்லியும் வைத்திருக்கிறாள். நான் இன்னும் கேட்கவில்லை. அதை யாருமே கேட்கக்கூடாது என்றுதான் யாரோ நினைத்திருக்கிறார்கள்.

வேலை நேரத்தில் ஃபோன்கள் எல்லாம் லாக்கரில் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. நேற்று வேலை முடிந்து அக்கா லாக்கரைத் திறந்தபோது, ஃபோனின் சார்ஜிங் போர்ட்டுக்குள் நொடியில் ஒட்டும் பசையை ஊற்றி வைத்திருந்தார்கள். வழிந்தது ஃபோனின் விளிம்பில் கண்ணாடித் துளியாக இறுகியிருந்தது. லாக்கர்களின் மாற்றுச் சாவிக் கொத்து சூப்பர்வைசர் மேஜையில் தொங்குகிறது. அவர்தான் செய்தார் என்று நான் எழுதவில்லை. சாவி எங்கே தொங்குகிறது என்று மட்டும் எழுதுகிறேன்.

அப்போது ஃபோனில் பதினான்கு சதவீதம் சார்ஜ் இருந்தது. அக்கா பதிவை எனக்கு அனுப்பப் பார்த்தாள். பெரிய கோப்பு. சுற்றிச் சுற்றிப் பாதியிலேயே நின்றது. பதற்றத்தில் ஊக்கை எடுத்துப் போர்ட்டைக் குத்தினாள். உள்ளே நடுவில் நிற்கும் மெல்லிய நாக்கு ஒடிந்து விழுந்தது. மறுபடி அனுப்பப் பார்த்தாள். ஃபோன் அணைந்துவிட்டது.

"ஊக்கால குத்தலாமாக்கா?"

"நீ வால் பாக்காம ஸ்டிக்கர் வாங்கலாமா?"

அக்கா ஸ்டிக்கரை அட்டைக்குள் திருப்பிச் செருகினாள். பிறகு அக்கா சொன்னாள்: "சிரிக்கவும் வரலடி. யார் கழுத்தையாவது பிடிச்சு நெரிக்கணும் போல இருக்கு."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. யார் கழுத்து என்று எனக்கு நாளைக்குத்தான் தெரியப்போகிறது என்பது அப்போது தெரியாது. (இந்த வரியைப் புதன்கிழமை சேர்த்தேன். தேதியை மாற்றி எழுதுவது தப்பு. அதையும் எழுதி வைக்கிறேன்.)

மார்ச் 12, புதன்

காலையில் அக்காவின் ஃபோனைக் கடைக்கு எடுத்து வந்தேன்.

எங்கள் கடை சின்னது. திரைக் கண்ணாடி மாற்றுவது, பேக் கிளாஸ் எனும் முதுகுக் கண்ணாடி மாற்றுவது, கவர் விற்பது. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு வேலை வெளிக்கடைக்குப் போகும். முதலாளியைத் தெருவில் எல்லாரும் ஸ்டிக்கர் அண்ணன் என்று கூப்பிடுவார்கள். முதலில் ஸ்கிரீன் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாராம். இன்று அவர் மொத்தச் சந்தைக்குச் சரக்கெடுக்கப் போயிருந்தார். கடையில் நான் மட்டும்.

முதலில் போர்ட்டைப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்து மரக்குச்சியால் சுரண்டினேன். பசை கல்லாகியிருந்தது. கரைப்பான் விட்டால் பசையோடு சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கும் ரப்பரும் சேர்ந்து போகும். போகட்டும் என்று விட்டாலும், நாக்கு ஒடிந்த போர்ட்டில் எந்த ஒயரும் நிற்காது. அந்தப் போர்ட் இருக்கும் சின்னப் பலகையை முழுதாக மாற்ற வேண்டும். சரக்குக்காரரிடம் கேட்டேன். சனிக்கிழமை வரும் என்றார். போர்டு வேலை செய்யும் கடையில் கேட்டேன். வெள்ளிக்கிழமைதான் கையில் எடுப்பேன் என்றார். விசாரணை வியாழக்கிழமை.

ஆனால் இந்த மாடல் ஃபோனில் பிறக்கும்போதே வயர்லெஸ் வசதி உண்டு. அது எனக்கு நேற்றே நினைவு வந்திருக்க வேண்டும். மாடல் எண்ணைப் பார்த்தபோதுதான் வந்தது. ஸ்டிக்கரே தேவையில்லை. ஃபோனின் முதுகில் கண்ணாடிக்கு அடியில் செம்புக் கம்பியைச் சுருட்டி வைத்தது போல ஒரு காயில் இருக்கும். பேட்டுக்குள் இன்னொரு காயில். இரண்டும் நேருக்கு நேர் வந்தால் சார்ஜ் ஏறும். போர்ட் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

கல்லாமேல் முதலாளியின் பேட் இருக்கிறது. ஃபோனை அதன்மேல் வைத்தேன். சிவப்பு விளக்கு வெட்டி வெட்டி எரிந்தது. உலோகம் ஏதாவது குறுக்கே இருந்தால் அப்படி எரியும். கவரைக் கழற்றினேன். கவருக்குள், வண்டிக் கண்ணாடியில் மாட்டும் காந்தத்துக்காக அக்கா ஒட்டியிருந்த இரும்பு வட்டம். எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி வைத்தேன்.

இப்போது விளக்கே எரியவில்லை.

எனக்குத்தான் வைக்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். ஒரு விரல் மேலே, ஒரு விரல் கீழே, இடம், வலம் என்று நகர்த்தி ஒவ்வொரு இடத்திலும் முப்பது வரை எண்ணினேன். ஒன்றுமில்லை. பேட் கெட்டிருக்குமோ என்று கடைக்கு வந்த ஒருவரின் ஃபோனைக் கேட்டு வாங்கி வைத்தேன். உடனே பச்சை. அடாப்டரை மாற்றினேன். ஒயரை மாற்றினேன். அக்கா ஃபோனை வைத்தால் மட்டும், வெறும் மேஜைமேல் எதையும் வைக்காதது போல பேட் சும்மா கிடந்தது.

அங்கேதான் எனக்கு உறைத்தது. ஃபோன் உயிரே இல்லாமல் கிடந்தாலும் காயில் இருந்தால் பேட் கண்டுகொள்ளும். இரும்பைக் கண்டுகொண்ட பேட் இதைக் கண்டுகொள்ளவில்லை. அங்கே கண்டுகொள்ள எதுவும் இல்லை.

சூட்டுத் தட்டில் வைத்து ஓரத்தை இளக்கி, பேக் கிளாஸைத் திறந்தேன். காயில் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு தடம் மட்டும். பசை உரிந்த தடம். காயிலின் இரண்டு கால்கள் தொட வேண்டிய தங்க நிறப் புள்ளிகள் பளபளவென்று இருந்தன. அதாவது பிய்ந்து போகவில்லை. கிழிந்து போகவில்லை. பொறுமையாக, பக்குவமாக, யாரோ எடுத்திருக்கிறார்கள்.

இந்த பேக் கிளாஸ் ஐந்து மாதம் முன்பு உடைந்தது. மாற்றியது எங்கள் கடையில். மாற்றியவர் ஸ்டிக்கர் அண்ணன்.

வேலைச் சீட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். அக்டோபர் மாதச் சீட்டு. பேக் கிளாஸ் மாற்றம். கீழே சோதனைப் பட்டியல்: கேமரா, ஒலி, அதிர்வு, வயர்லெஸ் சார்ஜ். நான்குக்கும் நேரே டிக். கேமராவுக்கும் ஒலிக்கும் நான் பார்த்துத்தான் போட்டிருப்பேன். வயர்லெஸ்ஸுக்குப் பார்க்கவில்லை. அன்று கல்லாவில் கூட்டம். ஃபோனோ அக்காவுடையது. நான்கு டிக்கும் ஒரே இழுப்பில் இழுத்திருந்தேன். என் கையெழுத்து. என் டிக். என் அக்கா.

அடுத்த பக்கத்தில் இன்னொரு சீட்டு இருந்தது. அதே மாடல், அதே வாரம், அதே வேலை. பெயர் எழுதும் இடத்தில் "கடை" என்று இருந்தது. அது முதலாளியின் ஃபோன். தினமும் கல்லாமேல் இந்தப் பேட்டில் படுத்திருக்கும் ஃபோன். பேக் கிளாஸ் திறக்கும்போது தன் காயில் கிழிந்துவிட்டது என்று அன்று அவர் கத்தியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறுநாளே அவர் ஃபோன் பேட்டில் பச்சை விளக்கோடு படுத்திருந்ததும் நினைவிருக்கிறது. காயில் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

அவருக்கு ஃபோன் போட்டேன்.

"அண்ணா, அக்கா ஃபோன்ல காயில் இல்ல."

"ஓ, அதா?" என்றார். "அன்னைக்கு அவசரத்துக்கு எடுத்தேன்மா. அப்புறம் போட்டுக்கலாம்னு இருந்தேன். மறந்துபோச்சு."

"சொல்லியிருக்கலாமே அண்ணா."

"யாரு பாக்கப் போறா? எல்லாரும் ஒயர்லதானே போடுறாங்க. உங்க அக்கா அஞ்சு மாசமா கண்டுபிடிச்சாளா? சொல்லு."

"இப்ப கண்டுபிடிச்சுட்டா."

"சரி, நாளைக்கு வந்து பேசுவோம். சந்தையில நிக்கிறேன், சத்தமா இருக்கு." வைத்துவிட்டார்.

கடையில் என்னைத் தவிர யாரும் இல்லை. கையிலிருந்த ஸ்குரூடிரைவரை மேஜையில் அடித்தேன். பிடி உடையவில்லை. என் கைதான் வலித்தது.

மாலை வகுப்பில் சோதனை மேஜைகளில் மின்சாரம் கொடுக்கும் பெட்டிகள் இருக்கின்றன. வேண்டிய அழுத்தத்தை வைத்து, ஓட்டத்துக்கு வரம்பு போட்டு, பேட்டரியின் இரு முனைகளில் நேராகக் கொடுத்தால் போர்ட்டும் வேண்டாம், காயிலும் வேண்டாம். நான்கு புள்ளி இரண்டு வோல்ட், அரை ஆம்பியர், ஒரு மணி நேரம். பத்து சதவீதமாவது ஏறிவிடும். காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போய் ஆசிரியரிடம் காட்டினேன்.

காகிதத்தைப் படித்தார். "கணக்கு சரி" என்றார். "ஆனா லித்தியம் பேட்டரி இந்த ரூமுக்குள்ள வரக்கூடாது. போன வருஷம் ஒண்ணு உப்பி மேஜை கருகிப்போச்சு. எழுதியே ஒட்டியிருக்கு பாருங்க."

சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. அவர் சொன்னது சரிதான். பொருத்தமான இணைப்பான் இல்லாமல், ஊசி முனை அளவு புள்ளிகளில் முதலை வாய் போன்ற கிளிப்பை மாட்டினால் ஒன்றோடு ஒன்று தொட்டு எரியவும் எரியலாம். அவர் சரி என்பதே எனக்கு இன்னும் கோபமாக இருந்தது.

என் மேஜைக் கூட்டாளி ஒரு லிப்ட் மெக்கானிக். நாற்பது வயதிருக்கும். வகுப்பில் எல்லாரும் லிப்டம்மா என்று கூப்பிடுவோம். அவளிடம் எல்லாம் சொன்னேன்.

"உங்க முதலாளி ஃபோனும் இதே மாடல்னு சொல்ற. அவன் பேட்டரியைக் கழட்டி இதுல போட்டுட்டா?"

"பேட்டரி பசை போட்டு ஒட்டியிருக்கும். நெம்புறப்ப வளைஞ்சா தீப்பிடிக்கும். நான் அதைச் செஞ்சதே இல்ல."

"இன்னொரு ஃபோன் முதுகுல ஒட்டவச்சு சார்ஜ் ஏத்துவாங்களே, அது?"

"அதுக்கும் காயில் வேணும்."

"அப்ப காயில்தான் வேணும்."

"ஆமா."

"காயில் யாருது?"

"அக்காவோடது."

"அப்புறம் என்ன யோசனை? போய் எடு." லிப்டம்மா ஸ்குரூவை வாயில் கவ்விக்கொண்டே பேசுவாள். அதை எடுத்து மேஜையில் வைத்தாள். "லிப்ட் நடுவுல நின்னா, உள்ள இருக்கறவங்க கதவைத் தட்டுவாங்க. 'ஐயா, தயவுசெஞ்சு'ன்னு யாரும் தட்ட மாட்டாங்க. நல்லா ஓங்கித் தட்டுவாங்க. நீயும் அப்படித் தட்டு."

"எனக்கு அப்படிப் பேச வராது."

"பேச வரலைன்னா எழுதித் தட்டு. நீதான் எல்லாத்தையும் எழுதுறியே."

போகும்போது தன் பவர் பேங்கை என் பையில் போட்டாள். செங்கல் கனம். "பஸ்ல போறப்ப பேட்டுக்கு இதுல கனெக்‌ஷன் குடு. இறங்குற வரைக்கும் ஏறிக்கிட்டே இருக்கும்."

மார்ச் 13, வியாழன்

ஒன்பது மணிக்கு ஸ்டிக்கர் அண்ணன் ஷட்டரைத் தூக்கும்போது நானும் அக்காவும் வாசலில் நின்றோம். அவர் உள்ளே போனதும் வழக்கம்போல ஃபோனைப் பேட்டில் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் காது சூடேறியது.

"வாம்மா, உக்காருங்க. டீ சொல்லவா?" என்றார் அக்காவிடம்.

"டீ வேணாம். காயில் குடுங்க" என்றாள் அக்கா.

"அட, புதுசே வாங்கிப் போட்டுடலாம். சனிக்கிழமை..."

"பதினொரு மணிக்கு விசாரணை. போர்ட்ல யாரோ பசை ஊத்திட்டாங்க, பேட்லதான் ஏத்தணும்."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? உன் ஃபோன்ல பசை ஊத்துனது நானா?"

"பசை ஊத்துனவன் ஒரு வழிய அடைச்சான். நீங்க இன்னொரு வழியவே திருடிட்டீங்க."

"திருட்டுன்னு சொல்லாத! அன்னைக்கு வேலைக்குக் கூலியே வாங்கல நான். உன் தங்கச்சி முகத்துக்காக."

"என் தங்கச்சி முகத்துக்காகத்தான் என் ஃபோனைத் திறந்து திருடினீங்களா?"

அக்காவைவிட எனக்குக் கோபம் அதிகம். ஆனால் பேச்சு வரவில்லை. அதனால் வேலைச் சீட்டுப் புத்தகத்தைத் திறந்து கல்லாமேல் வைத்தேன். பக்கத்தில் நான் காலையில் எழுதிய ஒரு தாளையும் வைத்தேன். அதில் இரண்டு பத்தி. ஒன்று, இந்தச் சீட்டில் வயர்லெஸ் டிக் போட்டது நான், சோதிக்காமல் போட்டேன். இரண்டு, அந்த ஃபோனின் காயிலை எடுத்துத் தன் ஃபோனில் போட்டுக்கொண்டது கடை முதலாளி, அவர் என்னிடம் ஒப்புக்கொண்டார். கீழே என் கையெழுத்து.

அவர் படித்தார். முகம் மாறியது.

"இதை என்ன பண்ணப் போற?"

"ஃபோன் ஏன் ஆன் ஆகலைன்னு விசாரணையில கேப்பாங்க. அப்ப குடுப்பேன்."

"உன் பேரும் இதுல இருக்கு."

"தெரியும் அண்ணா. முதல்ல என் பேரைத்தான் எழுதியிருக்கேன்."

"வேலை வேணாமா உனக்கு?"

வேலை வேண்டும். வகுப்புக்குப் போக வேண்டும். நான் சூட்டுத் தட்டின் சுவிட்சைப் போட்டேன். அது சூடேற நான்கு நிமிஷம் ஆகும். அவர் தாளை இரண்டாம் தடவை படித்தார். பிறகு அவர் பேட்டிலிருந்து தன் ஃபோனை எடுத்து, கவரைக் கழற்றி, என் முன்னால் வைத்தார். வைத்தார் என்பதைவிட எறிந்தார் என்று சொல்லலாம்.

"என் கிளாஸ் உடைஞ்சா நீதான் பொறுப்பு."

உடையவில்லை. ஆனால் நான் மெதுவாகத்தான் செய்தேன். ஓரம் முழுக்க இளகும்வரை நெம்பவில்லை. மூன்று ஸ்குரூ, ஒரு தகடு, அதற்கடியில் காயில். மெல்லிய பிளாஸ்டிக் தட்டியால் அடியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்த் தூக்கினேன். கிழித்தால் இரண்டு பேருக்கும் இல்லை. அக்கா என் தோளுக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டு நின்றாள். "தள்ளி நில்லுக்கா, கை ஆடுது" என்றேன். தள்ளி நின்றாள். அங்கிருந்து ஸ்டிக்கர் அண்ணனை முறைத்தாள்.

அக்கா ஃபோனில் அந்தப் பழைய தடத்தின்மேலேயே வைத்து அழுத்தினேன். இரண்டு கால்களும் தங்கப் புள்ளிகள்மேல் உட்கார்ந்தன. தகடு, ஸ்குரூ. கண்ணாடியை மூடுவதற்கு முன்பே பேட்டில் வைத்துப் பார்த்தேன். பார்க்காமல் மூடுவதில்லை இனி.

பச்சை.

அக்கா சத்தமில்லாமல் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஐந்து மாதமாக இந்தப் பச்சை வேறொருவன் கல்லாவில் எரிந்துகொண்டிருந்ததே என்றுதான் தோன்றியது.

கண்ணாடியை ஒட்டி மூடியபோது மணி பத்து பத்து. பேட்டை எங்கள் பையில் போட்டேன். "அது என் பேட்" என்றார் முதலாளி. "சாயங்காலம் வரும்" என்றாள் அக்கா.

பஸ்ஸில் பவர் பேங்கை என் மடியில் வைத்து, ஒயரை பேட்டுக்குச் சொருகி, ஃபோனை அதன்மேல் வைத்தேன். முதல் குலுக்கலிலேயே ஃபோன் நழுவி விளக்கு அணைந்தது. அரை விரல் நகர்ந்தாலும் போதும், ஏறாது. பையில் இருந்த ரப்பர் பேண்டுகளால் ஃபோனையும் பேட்டையும் மேலும் கீழுமாகச் சேர்த்துக் கட்டினேன். இருபது நிமிஷம் கழித்துத் திரையில் பேட்டரிப் படம் வந்தது. ஆன் செய்யவில்லை. அணைந்திருக்கும்போதுதான் ஏறுவது மிஞ்சும்.

விசாரணை அறையில் நீள மேஜை. ஒரு பக்கம் மூன்று பேர். நடுவில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அம்மாள். எதிரில் சூப்பர்வைசர், இஸ்திரி போட்ட சட்டையில். துணைக்கு ஒருவர் வரலாம் என்பது விதி. அதனால் நான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். ரப்பர் பேண்டு கட்டிய பொட்டலத்தைப் பவர் பேங்கோடு மேஜைமேல் வைத்ததும் சூப்பர்வைசர் சிரித்தார்.

"என்னம்மா இது, வெடிகுண்டா?"

"உங்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்றாள் அக்கா.

அந்த அம்மாள் இரண்டு பேரையும் பார்த்தார். "ஃபோன் வேலை செய்யலைன்னு சொன்னாங்களே?"

"யாரு சொன்னாங்க மேடம்?" என்று கேட்டாள் அக்கா. "நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லையே."

அந்த அம்மாள் தன் தாளைத் திருப்பிப் பார்த்தார். யார் சொன்னது என்று படிக்கவில்லை. ஆனால் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார்.

நான் ஃபோனை ஆன் செய்தேன். நான்கு சதவீதம். அக்கா பதிவைத் திறந்து, பதினேழாவது நிமிஷத்துக்கு இழுத்தாள். தட்டு முட்டுச் சத்தம், நாற்காலி இழுக்கும் சத்தம், பிறகு தெளிவாக அவர் குரல்.

"தடுப்பைக் கழட்டச் சொன்னது நான்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா கழட்டுனது உன் கைதானே? நீயா கழட்டினேன்னு எழுதிக் குடு. வேற எடத்துல போட்டுடுறேன். இல்லைன்னா ரெண்டு பேரும் போவோம், ஆனா நீதான் முதல்ல போவ."

சூப்பர்வைசர் எழுந்தார். "இதெல்லாம் வெட்டி ஒட்டலாம் மேடம். எங்க, குடுங்க, தேதி என்னன்னு பாக்கலாம்." கையை நீட்டி ஃபோனைத் தூக்கினார். ஒரு ரப்பர் பேண்டு தெறித்தது. விளக்கு அணைந்தது.

அக்கா மேஜையை ஓங்கி அடித்தாள். நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை.

"கீழ வைடா அதை! ஒருதடவை என் ஃபோன்ல கை வச்சது போதும்!"

அவர் வைத்தார். கோணலாக வைத்தார். நான் நேராக்கினேன். பச்சை. மூன்று சதவீதம்.

"தேதி கோப்பிலேயே இருக்கும்" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. அதனால் மறுபடி சத்தமாகச் சொன்னேன். "கோப்பு முழுசையும் உங்க லேப்டாப்புக்கு அனுப்பிடுறேன் மேடம். ஃபோனை யாரும் தொட வேண்டாம். இப்ப தொட்டா நின்னுடும்."

ஒயர் போட வழியில்லை. வைஃபை வழியாகத்தான் அனுப்ப வேண்டும். எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டும் கோடு மெதுவாக நகர்ந்தது. பாதி தாண்டியதும் பேட் கொதித்தது. சூடு கூடினால் ஃபோன் தானாகவே சார்ஜ் வாங்குவதை நிறுத்திக்கொள்ளும். நிறுத்திக்கொண்டது. மூன்று சதவீதம் இரண்டு ஆனது. மற்ற ரப்பர் பேண்டுகளையும் கழற்றி, திரை வெளிச்சத்தைக் குறைத்து, அக்காவின் குற்றச்சாட்டுக் கோப்பை எடுத்து விசிறினேன். அவள்மேல் அவர்கள் எழுதிய எல்லாம் அந்தக் கோப்பில்தான் இருந்தது. அதை விசிறியது எனக்குத் திருப்தியாக இருந்தது.

கோடு முடிந்தபோது ஃபோனில் ஒன்று இருந்தது. லேப்டாப்பில் கோப்பு திறந்தது. அந்த அம்மாள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நாற்பது நிமிஷமும் கேட்டார். நடுவில் ஒருமுறை நிறுத்தி, சூப்பர்வைசரை வெளியே உட்காரச் சொன்னார். ஃபோன் அணைந்தது. அணையட்டும் என்று விட்டேன்.

முடிவில் சொன்னார்: அக்கா தடுப்பைக் கழற்றியது மேலிருந்து வந்த கட்டளையால் என்று எழுதப்படும். அக்கா வேலையில் தொடரலாம். சூப்பர்வைசர் திங்கள்வரை கூடத்துக்குள் வரக்கூடாது. தடுப்பு இன்று மாலைக்குள் மாட்டப்பட வேண்டும். லாக்கர் சாவிகள் இனி அலுவலகத்தில் இருக்கும்.

வெளியே வந்ததும் அக்கா சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு கைக்கு யாரு பதில் சொல்வாங்க?" என்றாள். "நான் கழட்டாம இருந்திருந்தா..."

"அவர் சொல்லித்தானேக்கா..."

"கழட்டுனது என் கைதானடி." நேராக ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று வேறு பஸ் ஏறினாள்.

பேட்டைத் திருப்பிக் கொடுக்க நான் மட்டும் கடைக்குப் போனேன். ஸ்டிக்கர் அண்ணன் தன் ஃபோனுக்கு ஒயரில் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. வேலைக்கு வராதே என்றும் சொல்லவில்லை. நானும் என் கோபம் போய்விட்டது என்று சொல்லவில்லை. போகவில்லை. தாளைக் கேட்டார். கொடுக்கவில்லை.

வேலைச் சீட்டுப் புத்தகத்தை மடியில் வைத்து, அக்டோபரிலிருந்து பேக் கிளாஸ் மாற்றிய சீட்டுகளை எண்ணினேன். வயர்லெஸ் உள்ள மாடல்கள் இருபத்தாறு. இருபத்தாறிலும் ஒரே இழுப்பில் இழுத்த நான்கு டிக். எத்தனையில் காயில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதுதான் என் டிக்கின் மதிப்பு.

நாளைய வேலை: கடை திறந்ததும் இருபத்தாறு பேரையும் வரிசையாகக் கூப்பிட வேண்டும். ஃபோனைக் கொண்டுவரச் சொல்லி, கவரைக் கழற்றி, பேட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்தால் மட்டும் டிக்.